எட்டாவது கட்டம்

சந்தானத்துக்கு யாரையாவது அறிமுகம் செய்துவைத்தால் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். அவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். இவரை இவருடைய ஆட்களுக்குப் பிடிக்குமா? இவர்கள் செய்கிற வேலை இன்னதென்று தெளிவாக இருக்கிறதா? ஆட்களை ஏற்றவும் இறக்கவும் இவர் கையில் அதிகாரம் உண்டா? மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் அந்த மனிதரைத் தூக்கி எட்டுக் கட்டங்களில் ஒன்றுக்குள் வைத்து மூடிவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஆளே வந்து கெஞ்சினாலும் கட்டம் மாறாது.

கட்டங்கள் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஃபீட்லர் என்ற உளவியல் அறிஞர் போட்டவை. உறவு நன்றாக இருக்கிறதா இல்லையா, வேலை தெளிவா குழப்பமா, அதிகாரம் வலுவா பலவீனமா என்று மூன்றையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் எட்டு வரும். மூன்றும் கூடிவந்தால் முதல் கட்டம். அங்கே தலைவருக்கு ராஜயோகம். மூன்றும் கைவிட்டால் எட்டாவது கட்டம், அங்கே அவர் பாடு திண்டாட்டம். இந்த இரண்டு கோடியிலும் வேலையே குறியாக இருக்கிற தலைவர்தான் சோபிப்பார். நடுவில் உள்ள இரண்டுங்கெட்டான் நிலைமைகளுக்குத்தான் மனிதர்களை அணைத்துப் போகிறவர் வேண்டும் என்பது ஃபீட்லர் கட்சி. செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடக்கும் தனியார் மேலாண்மைக் கல்லூரியில் இதைத்தான் சந்தானம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து வந்தார். கீழே துணிக்கடை, மேலே கல்லூரி. ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு மே மாதமும் அவர் ஒருநாள்கூட லீவு எடுக்க மாட்டார்.

பாடம் நடத்துவதில் அவர் சுமார்தான், அதை ஒளிப்பானேன். கேள்வி தயாரிப்பதில் மன்னர். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளை ஆசாரி இழைப்பதுபோல இழைப்பார். ஆனால் அவருக்குக் கற்பனை கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தெரிந்த ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வார், தொழிலை மட்டும் மாற்றிவிடுவார். மாரேட்பள்ளியில் அவர்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஒரு கேள்வியில் மருத்துவமனை கண்காணிப்பாளராக வந்தார். கல்யாணங்களில் முன்னின்று எல்லாரையும் விரட்டும் மைத்துனர் கப்பல் தலைவராக வந்தார். மனைவி நீலா ஒருமுறை கேன்டீன் ஒப்பந்தக்காரராக வந்து, உறவு நன்று, வேலை தெளிவு, அதிகாரம் வலுவு என்று முதல் கட்டத்தில் உட்கார்ந்தாள்.

நீலா தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கேள்விகளை முதலில் படித்துப் பார்ப்பது அவள்தான். அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு, "அதிகாரம் வலுவா? இந்த வீட்ல ஒரு மிக்ஸி மாத்தறதுக்கு மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன். ஆன்ஸர் கீ தப்பு" என்றாள். சந்தானம் யோசித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது கட்டத்துக்கு மாற்றினார். மிக்ஸியை மாற்றவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் ஃபீட்லரின் அளவுகோலை மாணவர்களுக்குக் கொடுப்பார். சேர்ந்து வேலை செய்யவே முடியாத ஒரு ஆளை மனதில் நினைத்துக்கொண்டு, அவர் இனியவரா கடுப்பானவரா, நம்பத் தக்கவரா இல்லையா என்று வரிசையாக மதிப்பெண் போட வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கும் தாராளமாகப் போடுகிறவர் உறவை நாடுகிறவர். கஞ்சத்தனமாகப் போடுகிறவர் வேலையை நாடுகிறவர். சந்தானம் தன்னை உறவை நாடுகிறவர் என்றே நம்பிவந்தார். எல்லாரோடும் டீ குடிக்கிறோம், சிரிக்கிறோம், வேறென்ன? ஒருநாள் சும்மா இருக்கிற நேரத்தில் தானும் போட்டுப் பார்த்தார். அடிமட்டத்துக்கு வந்தது. அளவுகோலில் ஏதோ கோளாறு என்று தாளை மடித்து வைத்துவிட்டார்.

அந்த வருஷம் கல்லூரிக்குப் புது இயக்குநராகச் சீதாராமன் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். கல்லூரியின் முதலாளி கிருஷ்ணகுமார், இரண்டு கல்யாண மண்டபங்களுக்கும் முதலாளி. அவர் சீதாராமனிடம், "காலேஜோட லெவலை தூக்கணும் சார்" என்று ஒரே வரியில் வேலையை ஒப்படைத்தார். லெவல் என்றால் என்ன, எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சீதாராமன் தூக்கத் தொடங்கினார். திங்கள்கிழமை காலை எல்லா ஆசிரியர்களையும் நிற்க வைத்துக் கூட்டம் போட்டார். நின்றால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது அவர் தொழிற்சாலையில் கற்ற பாடம். அங்கே முடிந்ததோ என்னவோ, இங்கே கால் கடுக்கும்வரை முடியவில்லை. உட்காராமல் பேசுவதில் அவருக்கு அலுப்பே வராது. ஒரே மாதத்தில் அவரை ஒட்டுமொத்தமாக யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. ஆனால் உடைந்த ஒரு மின்விசிறியை மாற்ற வேண்டுமானாலும் கிருஷ்ணகுமாரின் கையெழுத்து வர வேண்டும். விசிறி அப்படியே தொங்கியது.

இப்படி ஒரு சரக்கு கண்ணெதிரே நடமாடும்போது சந்தானம் சும்மா இருப்பாரா? இடைத் தேர்வில் ஒரு கேள்வியாகப் போட்டார். கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது, சாரம் இதுதான். ஒரு ஹோட்டலுக்குப் புது மேலாளர் வருகிறார். ஊழியர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஹோட்டலின் தரத்தை உயர்த்து என்பதற்கு மேல் அவருக்கு எந்த வழிகாட்டுதலும் இல்லை. யாரையும் நியமிக்கவோ நீக்கவோ அவரால் முடியாது, எல்லாம் உரிமையாளர் கையில். இந்தச் சூழ்நிலை எப்படிப்பட்டது, எந்த வகைத் தலைவர் இங்கே பொருந்துவார்? சரியான விடை: மிகவும் பாதகமானது, வேலையை நாடும் தலைவர். இதில் பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆட்களுக்குப் பிடிக்கவில்லை என்றதும் அவசரப்பட்டு உறவை நாடும் தலைவர் என்று குறித்துவிடுவார்கள். குட்டையைக் குழப்புவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

எல்லாம் சரி. ஆனால் கற்பனை இல்லாதவர் என்று சொன்னேனே, அது காலை வாரிவிட்டது. ஹோட்டல் மேலாளர் திங்கள்கிழமைதோறும் சமையல்காரர்களை நிற்க வைத்துக் கூட்டம் போடுகிறார் என்றும் ஒரு வரி எழுதிவைத்தார். நீலாவுக்கு அந்த வாரம் ஆடிட் இருந்ததால் அவள் படிக்கவில்லை. தேர்வு அறையில் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் முதல் வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடுத்த வரிசைக்கும் அது பரவியது. சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆசிரியர் அறையில் கல்லூரி ஊழியர் நூர் முகமது டீ கொண்டுவந்து, முதல் கோப்பையைச் சந்தானத்திடம் நீட்டி, "க்யா கமால் கியா சார், பிரமாதம்" என்றார். இளைய விரிவுரையாளர் சாஹித்யா, "சார், நீங்க எங்க ஹீரோ" என்றாள். சந்தானம் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். உள்ளுக்குள் பயமும் இருந்தது, பெருமைதான் கொஞ்சம் கூடுதல்.

விடைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அதில் தவறு இருக்கிறது என்று நினைக்கும் மாணவர்கள் ஆட்சேபம் எழுதித் தரலாம். வந்த ஆட்சேபங்களில் ஒன்று சீதாராமனுடையது. மாணவர் எண் கேட்ட இடத்தில் 'இயக்குநர்' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் கூப்பிட்டனுப்பினார். சந்தானம் போய் நின்றார். இயக்குநர் அறையில் உட்காரச் சொல்லும் பழக்கம் இல்லை. வேலை போகிற நேரம் வந்துவிட்டது என்றே அவர் நினைத்தார்.

"அந்த ஹோட்டல்காரன் நான்தானே?" என்றார் சீதாராமன்.

"ஹோட்டல் சார் அது. பொதுவா எழுதினது."

"பரவாயில்லப்பா. ஆளுங்களுக்குப் பிடிக்கலேன்னு எழுதியிருக்கீங்க. அது சரிதான். பிடிக்காதுன்னு எனக்கே தெரியும், முப்பது வருஷமா தெரியும். வேலை தெளிவில்லைன்னு எழுதியிருக்கீங்க. அதுவும் சரி, எனக்கே புரியல. ஆனா அதிகாரம் பலவீனம்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது எப்படி? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

சந்தானம் திகைத்துப்போனார். அழகில்லை என்றால் பொறுத்துக்கொண்டவர், குள்ளம் என்றதும் சண்டைக்கு வந்ததுபோல இருந்தது.

"சார், மூணுலயும் அதுதான் சின்ன விஷயம். உறவுக்குத்தான் வெயிட்டு ஜாஸ்தி, அப்புறம் வேலைத் தெளிவு. அதிகாரம் கடைசிதான். அதுக்குப் போய்…" என்றார். சமாதானம் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

சீதாராமன் முகம் கறுத்தது. "வலுவுன்னு மாத்துங்க. கீயைத் திருத்துங்க."

"மாத்தினா ஏழாவது கட்டத்துக்குப் போயிடும் சார். அது நக்கோ, வேணவே வேணாம். ஒரு புஸ்தகம் அதை நடுத்தரம்னு சொல்லுது, உறவுக்காரன் வேணும்னு சொல்லுது. இன்னொண்ணு பாதகம், வேலைக்காரன்தான்னு சொல்லுது. ஏழாவது கட்டத்துல நான் கேள்வியே கேக்கறதில்ல. கேட்டா எல்லாருக்கும் மார்க் போடணும்."

"போடுங்க."

"தப்பில்லாத கேள்விக்கு எதுக்கு சார் போடணும்?"

சீதாராமன் மேஜைக் காலண்டரில் ஜூன் மாதத்தைத் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஜூன்ல உங்க ஒப்பந்தம் வருது. புதுப்பிக்க வேணாம்னு நான் எழுதறேன். நீங்க வீட்டுக்குப் போயிட்டா என் அதிகாரம் வலுவுதானே?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள், அல்லது சட்டையைப் பிடித்திருப்பார்கள். சந்தானம் அந்தக் கேள்வியை நிறுத்தி நிதானமாக யோசித்தார். "ஆமா சார். அப்ப கீ மாறும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நீலா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆமா சார்னா சொன்னீங்க?"

"ஹவ், ஆமான்னுதான் சொன்னேன். அது லாஜிக்தானே."

"வேலை போனாலும் கீ சரியா இருக்கணும் உங்களுக்கு. எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுத் தொலைச்சா என்னங்க? உங்க அப்பன் வீட்டு மார்க்கா அது? இந்த வயசுல வேற எந்தக் காலேஜ்ல உங்களைக் கூப்பிடுவாங்க?"

அன்றிலிருந்து அவர் உண்மையாகவே பயந்தார். செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அவர் குடும்பத்தில் யாரும் வேலை இல்லாமல் ஒரு மாதம் வீட்டில் இருந்தது கிடையாது. பால் வாங்கப் போகும்போதுகூட, நாளைக்கு இந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்று நினைத்துக் கூனிப்போனார். அப்படியும் கீயைத் திருத்தவில்லை. அது வீரம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவருக்குத் திருத்த வரவில்லை, அவ்வளவுதான்.

சீதாராமனின் பரிந்துரை கிருஷ்ணகுமாரிடம் போனது. அவர் இரண்டு பேரையும் தன் கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார். யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காதில் கைபேசியை வைத்துக்கொண்டே, விவகாரம் என்ன என்று தெலுங்கில் கேட்டார். சீதாராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபீட்லரில் தொடங்கினார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், சந்தானம்காரு பழைய ஆளு. சம்பளம் ஏத்தச் சொல்லிக் கேட்டதே கிடையாது. இவரை அனுப்பிட்டு வேற ஆளைப் பிடிக்க முடியாது. அவர் இருக்கட்டும். நீங்களும் இருங்க. சண்டை வேண்டாம்." பிறகு பூக்காரரிடம் திரும்பி, மேடைக்கு ரோஜாவா சாமந்தியா என்ற முக்கியமான விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஆக, கீ சரி. முதலாளி வாயாலேயே நிரூபணம் ஆகிவிட்டது. சந்தானத்துக்கு உடம்பெல்லாம் லேசானது. ஜெயித்த பூரிப்போடு சீதாராமனைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் மடித்துக் கட்டிய நாற்காலிகளுக்கு நடுவே, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பைப் பார்த்ததும் சந்தானத்துக்குப் பூரிப்பு பாதியாகக் குறைந்தது. ஏன் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது கிருஷ்ணகுமார் மறுபடி கூப்பிட்டார். சண்டையைத் தீர்க்க அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. "ஆசிரியர்களை இனிமே சந்தானம்காரு பாத்துக்கட்டும். அகடமிக் கோஆர்டினேட்டர். டைரக்டர் சார் மத்ததைப் பாக்கட்டும். என்னங்க, லெவலைத் தூக்கிடுவீங்கல்ல?"

மத்தது என்றால் என்ன என்று சீதாராமன் கேட்கவில்லை. லெவல் என்றால் என்ன என்று சந்தானமும் கேட்கவில்லை. தலைகால் புரியாத மகிழ்ச்சியில் அன்றைக்கே ஒரு மிக்ஸி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருக்குத் தனி அறை கிடைத்தது. அறைக்குள் ஒரு பழைய பீரோவும் இருந்தது, அது வேறு யாருக்கோ சொந்தம். வேலையைச் சுறுசுறுப்பாகத் தொடங்கினார். எல்லாருடைய வினாத்தாளையும் வாங்கிப் படித்துச் சிவப்பு மையில் திருத்தினார். காற்புள்ளி விட்டுப்போன இடத்தையெல்லாம் வட்டமிட்டார். நாலும் ஒரே நீளத்தில் இல்லாத விடைகளைத் திருப்பி அனுப்பினார், சில தாள்களை நாலு தடவை. யாராவது முணுமுணுத்தால், "வேலைன்னு வந்தா வேலைதான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். சிரித்தால் உறவு கெடாது என்பது அவர் எண்ணம். வினாத்தாள்கள் உண்மையாகவே நன்றாக அமைந்தன, ஆட்சேபங்கள் குறைந்தன. இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

டீயும் இப்போது அவர் அறைக்கே தனியாக வந்தது. நூர் முகமது மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். பதவிக்கு வந்த மரியாதை என்று சந்தானம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த பருவத்துக்குச் சாஹித்யா அந்தப் பாடத்தை எடுத்தாள். இடைத் தேர்வுக்கான வரைவை ஒப்புதலுக்காகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சந்தானம் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். ஒரு கேள்வியில் பேனா நின்றது.

ஒரு செய்தித்தாள் அலுவலகம். அங்கே ஒருவர் ஒருங்கிணைப்பாளர் ஆகிறார். தரத்தை உயர்த்து என்பதே அவருக்கு இட்ட பணி. நிருபர்களை வைத்துக்கொள்ளவும் அனுப்பவும் அவருக்கு அதிகாரம் இல்லை. ஊழியர்களோடு அவருக்கு உறவு மோசம். இந்தச் சூழ்நிலை எப்படிப்பட்டது, எந்த வகைத் தலைவர் பொருந்துவார்? காற்புள்ளிகளை வட்டமிடுகிறார் என்று ஒரு வரியும் இருந்தது. தொழிலை மட்டும் மாற்றும் வித்தையை அவரிடம்தான் கற்றிருக்கிறாள்.

வேலை தெளிவில்லை என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. அதிகாரம் இல்லை என்பதும் உண்மைதான். மிச்சம் இருந்த உறவின் கீழேதான் சிவப்புக் கோடு போட்டார்.

"உறவு மோசம்னு போட்டிருக்கியேம்மா. யாரைக் கேட்டுப் போட்டே?" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

சாஹித்யா நகத்தைப் பார்த்தாள். "ஹைபோதெட்டிகல் சார். நியூஸ்பேப்பர் ஆஃபீஸ்தானே."

"நன்றுன்னு மாத்தினா நாலாவது கட்டம். நடுத்தரம். கீ மாறும்."

"மாத்தணுமா சார்?"

அந்த 'சார்' ஒரு அலுவலக சார். ஹீரோ என்று சொன்ன காலத்து சார் அல்ல. சந்தானம் வரைவை எடுத்துக்கொண்டு, "இரு, வரேன்" என்று எழுந்தார். நாலு மணி. ஆசிரியர் அறையில் டீ வந்திருக்கும் நேரம். நடையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ யார் குரலிலோ பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "வேலைன்னு வந்தா வேலைதான்." வாசலில் அவர் நின்றதும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. ஒருவர் அவசரமாகக் கணினியைத் திறந்தார். நூர் முகமது, "சார், ஆப்கா சாய் கேபின்லயே வெச்சுட்டேன்" என்றார்.

சந்தானத்துக்கு வலித்தது. இத்தனை வருஷம் இந்த அறையில் முதல் கோப்பை அவருடையதாக இருந்தது. வரைவோடு தன் அறைக்குத் திரும்பினார். கீ சரி. இரண்டு கண்ணால் பார்த்தாகிவிட்டது. அளவுகோலும் சரிதான். வேலையை நாடுகிற ஆள், எட்டாவது கட்டம். ஃபீட்லர் கணக்குப்படி அந்த இடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யாரும் கிடையாது. அந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கேள்வியில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டுச் சாஹித்யாவிடம் கொடுத்தார்.

அவள் போன பிறகு தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, ஏன் என்று தெரியாமலே, நடையின் கோடியில் இருந்த இயக்குநர் அறைக்குப் போனார். அங்கேயும் மேஜையில் ஒரு டீ தனியாக ஆறிக்கொண்டிருந்தது. சீதாராமன் நிமிர்ந்து பார்த்தார். சந்தானத்தின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"கேள்வில வந்துட்டீங்களா?" என்றார்.

"ஹவ் சார்."

"எத்தனாவது?"

"எட்டு."

"மூணுல எது உறைச்சுது?"

சந்தானம் கோப்பையை மேஜையில் வைத்தார். "முதல்ல இருக்கறது சார். உறவு" என்றார்.

சீதாராமன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, எதிரே இருந்த நாற்காலியில் கிடந்த கோப்புகளை எழுந்துபோய் எடுத்துத் தரையில் வைத்தார்.

"உக்காருங்க சந்தானம்" என்றார்.